அனுப்பிய மின்னஞ்சலில் தேதி தவறா? திரும்பப் பெற முயலாதீர்கள்

கேள்வி: விலைப்புள்ளி அனுப்பக் கடைசி நாள் 16. நான் 18 என்று எழுதி 14 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பப் பெறுவதா, புதிதாக அனுப்புவதா? குழப்பமும் தலைக்குனிவும் இல்லாமல் எப்படிச் சரிசெய்வது?

பதில்: திரும்பப் பெறும் பொத்தானை மறந்துவிடுங்கள். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடிதான் அவகாசம். அவுட்லுக்கில் உள்ள வசதி உங்கள் நிறுவனத்துக்குள் இருக்கும் அஞ்சல் பெட்டிகளுக்கு மட்டுமே பயன்படும். வெளியாருக்குப் போனது போனதுதான். அவர்களுக்கு, நீங்கள் அதைத் திரும்பப் பெற விரும்புவதாக ஓர் அறிவிப்பு மட்டும் போய்ச் சேரலாம். அதுவரை கவனிக்காதவர்கூட அப்போதுதான் பழைய அஞ்சலைத் தேடிப்பிடித்துப் படிப்பார். எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று பொத்தானிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

"அனுப்பிய அஞ்சலை அழித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகளையும் நம்பாதீர்கள். அடுத்தவரின் பெட்டிக்குள் போய்விட்ட அஞ்சலை அவர்களாலும் தொட முடியாது. அவர்கள் கேட்பதெல்லாம் உங்கள் கணக்குக்குள் நுழையும் அனுமதியைத்தான்.

செய்ய வேண்டியது எளிது. அனுப்பியவை பகுதியில் அந்த அஞ்சலைத் திறந்து, 'அனைவருக்கும் பதில்' கொடுங்கள். தலைப்பை மாற்றாதீர்கள், ஜிமெயிலில் தலைப்பு மாறினால் தனி உரையாடலாகப் பிரிந்து, தவறும் திருத்தமும் வேறுவேறு இடத்தில் கிடக்கும். இவ்வளவு எழுதினால் போதும்:

"திருத்தம்: விலைப்புள்ளி அனுப்பக் கடைசி நாள் 16, செவ்வாய். முந்தைய அஞ்சலில் 18 என்று தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். மற்ற விவரங்களில் மாற்றம் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்."

சரியான தேதி முதல் வரியில் இருக்கட்டும். அஞ்சலைத் திறக்காமலே பலர் கைபேசியில் பார்ப்பது அந்த வரியைத்தான். கிழமையையும் சேர்த்தால் ஐயம் வராது. 'மாற்றம் இல்லை' என்ற வரியை விட்டால், வேறு எது மாறியது என்று கேட்டு நாலு பேர் எழுதுவார்கள். பழைய அஞ்சலையே தேதியை மட்டும் திருத்தி மறுபடி அனுப்புவது பெரிய தவறு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில் எது சரி என்று யாருக்குத் தெரியும்?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். யாரையாவது பிசிசி எனப்படும் மறைநகலில் சேர்த்திருந்தீர்களா? பதில் கொடுக்கும்போது அவர்கள் விடுபட்டுப்போகலாம். விடுபட்டவர் 18-ஐயே நம்பிக்கொண்டிருப்பார். அனுப்பும் முன் முகவரிகளை எண்ணிப் பாருங்கள். 14 இருக்க வேண்டும். குறைந்தால், அனுப்பியவை பகுதியில் உள்ள அஞ்சலின் விவரத்தைப் பார்த்து, அவர்களை மறைநகலிலேயே மீண்டும் சேருங்கள். அவசரத்தில் 'பெறுநர்' பகுதியில் போட்டுவிட்டால் போட்டியாளர்களின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். அதைத் திருத்த வழியே இல்லை.

உங்கள் தவறால் அவர்களுக்கு இரண்டு நாள் குறைகிறது. ஆகவே, இன்றே திருத்தத்துக்குப் பதில் எழுதாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து 16 என்று சொல்லிவிடுங்கள்.