ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சார்ஜ் ஏறும் போன்: பழுது மென்பொருளிலா, போர்ட்டிலா?

"என் ஆண்ட்ராய்டு போன் ரீஸ்டார்ட் செய்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. கழற்றி மறுபடி செருகினால் ஏறுவதில்லை. போர்ட்டை மாற்ற வேண்டுமா?"

உடனே மாற்ற வேண்டாம். பழுது தோன்றியிருக்கும் நேரத்தில், ரீஸ்டார்ட் செய்யாமல் போனை முழுமையாக அணைத்து, வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த கேபிளைச் செருகுங்கள். பேட்டரிப் படம் தோன்றிச் சதவீதம் சீராக உயர்ந்து, செருகியை மெல்ல அசைத்தாலும் நிற்காவிட்டால், போர்ட் பெரும்பாலும் நலமே. அசைவுக்கேற்ப விட்டுவிட்டு ஏறினால் உள்ளே பஞ்சுத்தூசு அடைத்திருக்கலாம், அல்லது போர்ட் தளர்ந்திருக்கலாம். அணைத்த நிலையிலேயே மரப் பல்குச்சியால் மெதுவாகத் தூசெடுத்துப் பாருங்கள்.

அடுத்தது சேஃப் மோடு. பல போன்களில், திரையில் வரும் Power off பொத்தானை அழுத்திப் பிடித்தால் அதற்கான தெரிவு வரும். அதில் நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்கா. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: சேஃப் மோடுக்குள் நுழைவதே ஒரு ரீஸ்டார்ட் என்பதால், முதல் முறை சார்ஜ் ஏறுவது எதையும் நிரூபிக்காது. ஆகவே, வழக்கமாகப் பழுது திரும்பும் நேரம் வரை அதிலேயே வைத்திருந்து, பலமுறை கழற்றிச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறினால், பேட்டரி சேமிப்பான் போன்று அண்மையில் நிறுவிய செயலிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அங்கும் நின்றுவிட்டு, அணைத்தால் மட்டும் ஏறினால், சிஸ்டம் மென்பொருளையோ சார்ஜிங் சிப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். முதலில் சிஸ்டம் அப்டேட் செய்து, பயனில்லாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுசெல்லுங்கள்.