தண்ணீர்த் தொட்டி கழுவும் தொழில்: ஒரே வரியில் எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னையில் வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்து தரும் சிறு தொழில் நடத்துகிறேன். "இல்லங்களுக்கும் நிறுவனங்களுக்கும் நவீன தொழில்நுட்பத்தில் முழுமையான நீர் சுகாதாரத் தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனம்" என்று கார்டில் போட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் ஆர்.ஓ. ஃபில்டர் விற்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஒரே வரியில் புரிகிற மாதிரி எப்படி மாற்றுவது?

பதில்:

இந்த வரியை ஆர்.ஓ. ஃபில்டர் விற்பவர் அப்படியே தன் கார்டில் போட்டுக்கொள்ளலாம். கேன் தண்ணீர் போடுபவரும் போடலாம், தண்ணீர் பரிசோதனைக் கூடமும் போடலாம். பார்ப்பவர்கள் தவறாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். முதல் வேலையாக ஒரு பேனாவை எடுத்து, இந்த மூன்று பேருக்கும் பொருந்தும் சொற்களையெல்லாம் அடியுங்கள். "நவீன தொழில்நுட்பம்" போகும், "முழுமையான" போகும், "தீர்வுகள்" போகும், "முன்னணி நிறுவனம்" போகும். உங்கள் தொழிலுக்கு மட்டுமே உரிய சொல் ஒன்றுகூட மிஞ்சாது. "தொட்டி" என்ற சொல்லே அந்த வரியில் இல்லை, பாருங்கள். எனவே இதைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். புதிதாகவே எழுதுங்கள்.

எழுதுமுன் உங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் செய்யும் வேலையை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத் தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றுகிறார்கள். அடியில் படிந்த சேற்றை அள்ளுகிறார்கள். சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். அழுக்குத் தண்ணீரை வேக்குவம் வைத்து உறிஞ்சுகிறார்கள். கடைசியில் குளோரின் போட்டு அலசிவிடுகிறார்கள். இவ்வளவும் ஒரு வரிக்குள் அடங்காது, அடங்கவும் வேண்டாம். எந்தப் பொருள்மீது வேலை, அதை என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் எடுங்கள். மற்றவை எல்லாம் இரண்டாவது வரிக்கும், ஆள் கேள்வி கேட்ட பிறகு சொல்லும் பதிலுக்கும் உரியவை.

அடுத்து வரிசை. தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதற்குமுன் எதை அடுக்கினாலும் கேட்பவர் அத்தனையையும் மனத்தில் சுமந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பழைய வரியில் அவர் காத்திருந்து காத்திருந்து கடைசியில் பெற்றது "நிறுவனம்" என்ற சொல். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் பொருள் முதலில், வினை கடைசியில், நடுவில் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலும் முதல் முயற்சி இப்படித்தான் வரும்:

"வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனைகளில் உள்ள மேல்நிலை மற்றும் கீழ்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளைச் சுத்தம் செய்து தருகிறோம்."

பொய் எதுவும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலைக் கடந்து தொட்டிக்கு வருவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி" என்றால் ஊராட்சி கட்டிய உயரமான பொதுத் தொட்டிதான் பலருக்கும் கண்முன் வரும். தன் வீட்டு மாடியில் இருப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அரசாங்க ஒப்பந்தக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

அதற்குப் பயந்து மறுகோடிக்குப் போனால் "தண்ணி டேங்க் கழுவித் தருகிறோம்" என்று வரும். இது உடனே புரிகிறது, முந்தையதைவிட நூறு மடங்கு மேல். குறை என்னவென்றால், மாடியில் இருக்கும் 500 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் மட்டும்தான் கேட்பவர் நினைவுக்கு வரும். உங்களுக்கு அதிக வேலையும் வருமானமும் தருவது சம்ப் என்றால், அது வரியில் இருந்தாக வேண்டும். வெறும் "கழுவி" என்பதும் மேலோட்டமாகக் குழாய் பிடித்து அலசுவதுபோல ஒலிக்கிறது. சேறு எடுப்பதைச் சொன்னால்தான், இது வீட்டு ஆள் ஏறிச் செய்கிற வேலை இல்லை என்று தெரியும். இரண்டையும் சேர்த்தால்:

"உங்கள் வீட்டு மொட்டைமாடி டேங்க், சம்ப் இரண்டையும் சேறு எடுத்துக் கழுவித் தருகிறோம்."

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் முடிகிறது. இதற்குமேல் எதைச் சேர்த்தாலும் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். விலையை இந்த வரியில் வைக்காதீர்கள். லிட்டருக்கு ஏற்ப மாறுவதால் "முதல்", "வரை" என்று வால் நீளும். "100% கிருமி நீக்கம்" வேண்டவே வேண்டாம், நீங்களே நிரூபிக்க முடியாத வாக்கு அது. அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடம் பேசும்போது இதே வரியை இழுத்து நீட்டாமல், "அப்பார்ட்மென்ட் சம்ப்பைச் சேறு எடுத்துக் கழுவித் தருகிறோம்" என்று அவருக்குத் தனி வரி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் சர்வீஸும் சேர்த்துச் செய்தால் அதுவும் இரண்டாவது வரிக்குப் போகட்டும்.

இனி சோதனை. சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்ப்பதில் பயன் இல்லை, அவர்களுக்கு உங்கள் தொழில் ஏற்கெனவே தெரியும். மளிகைக் கடைக்காரர், வாட்ச்மேன், ஆட்டோ ஓட்டுநர் என்று ஐந்து பேரிடம் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். "புரிஞ்சுதாங்க?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "யாராவது கேட்டா, நான் என்ன வேலை பண்றேன்னு சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும்போது விட்டுவிடும் சொல் உங்களுக்கும் பெரும்பாலும் தேவையில்லாத சொல். ஐந்தில் மூன்று பேர் "டேங்க் கிளீனிங்" என்று மாற்றிச் சொன்னால் கார்டிலும் அதையே போடுங்கள். வாடிக்கையாளர் இணையத்தில் தேடும்போதும் அதைத்தான் தட்டுவார்.

அவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வியையும் கவனியுங்கள். "எவ்வளவு ஆகும்?", "எங்க ஏரியாவுக்கு வருவீங்களா?" என்று வந்தால் வரி வேலை செய்கிறது. "அப்படின்னா என்னங்க?", "கம்பெனி எங்க இருக்கு?" என்று வந்தால் இன்னும் இல்லை.

மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்பும் எண்ணம் இருந்தால் நீளத்தை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியே எண்ணப்படும். "தொட்டி" கண்ணுக்கு மூன்று எழுத்து, கணக்கில் ஆறு. மேலே உள்ள வரி 83 வருகிறது, அதனால் இரண்டு செய்தியாகப் பிரிந்து இரட்டைக் கட்டணம் ஆகும். "மொட்டைமாடி டேங்க், சம்ப் சேறு எடுத்துக் கழுவித் தருகிறோம்" என்று குறைத்தால் 57. ஓர் இடைவெளி விட்டுப் பத்து இலக்கத் தொலைபேசி எண் சேர்த்தாலும் 68தான். வணிகக் குறுஞ்செய்தியின் வாசகத்தை முன்கூட்டியே தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிறகு வாசகத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல். அதனால் ஐந்து பேர் சோதனையை முடித்துவிட்டுப் பதியுங்கள்.