பெரிதாக வாங்கிவிட்ட கோட் சூட்: தையற்காரருக்கு எழுதும் செய்தி சட்டத்தில் நிற்குமா?

கேள்வி: ஐயா, நான் மூதூரில் வசிக்கிறேன். என் தங்கையின் திருமணம் வரும் 24ஆம் திகதி நடக்கிறது. கொழும்பில் 28,000 ரூபாய்க்கு வாங்கிய கோட் சூட் எனக்கு ஓர் அளவு பெரிதாகிவிட்டது. திருத்துவதற்காகத் திருகோணமலை நகரில் ஒரு தையல் கடையில் கொடுத்து, பேசிய 4,000 ரூபாயில் 2,000 முற்பணமாகக் கட்டியிருக்கிறேன். “அளவுகளை வாட்ஸ்அப்பில் போடுங்கள், பார்த்துக்கொள்கிறேன்” என்று தையற்காரர் சொன்னார். பிழையாக வெட்டிவிட்டாலோ நாள் தவறினாலோ அந்தச் செய்தி எனக்குத் துணைநிற்குமா? அதை எப்படி எழுத வேண்டும்?

பதில்: துணைநிற்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, ஓர் ஒப்பந்தம் தொலைபேசிச் செய்திகளால் உருவானது என்ற காரணத்துக்காக மட்டும் அதன் செல்லுபடியை மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பும் செய்தி தனியாக நின்றால் அது உங்கள் விருப்பம் மட்டுமே. தையற்காரர் அதை ஏற்றுப் பதில் எழுதும்போதுதான் அது இருவரையும் கட்டுப்படுத்தும். அவர் செய்தியைப் பார்த்தார் என்பதற்கான நீலக் குறி, அவர் உடன்பட்டார் என்பதற்குச் சான்றாகாது. ஆகவே செய்தியின் இறுதியில் பதில் கேளுங்கள். பதில் வரும்வரை துணியில் கத்தரி வைக்க வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

உங்கள் விடயத்தில் நான் மிகவும் கவலைப்படுவது அளவுகளை நீங்களே அனுப்பப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான். தையற்காரர் தாமே நாடா பிடித்து அளந்து தைத்தால், அளவு பிழைத்ததற்கான பொறுப்பு அவருடையது. நீங்கள் எழுதிக் கொடுத்த அளவின்படி அவர் சரியாகவே தைத்து, அந்த அளவே பிழையாக இருந்தால், பொறுப்புப் பெரும்பாலும் உங்கள் மீதே விழும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவாதத்தைச் சொல்லாமலே ஒப்பந்தத்துக்குள் சேர்க்கிறது. எனவே கண்ணுக்குத் தெரியும் பிழையான அளவைப் பார்த்த பிறகும் ஒரு சொல் கேட்காமல் வெட்டிய தையற்காரர் முழுமையாகத் தப்ப முடியாது. ஆனாலும் அந்த வாதத்தை நம்பித் துணியைக் கொடுப்பதைவிட, வெட்டுவதற்கு முன் நூலோட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்குவது மிகவும் பாதுகாப்பானது. அந்த ஒரு வரி இருந்தால், போட்டுப் பார்க்காமல் வெட்டியதே ஒப்பந்த மீறலாகிவிடும்; எந்த அளவு யாருடையது என்ற சண்டைக்கே அங்கு இடமிருக்காது.

அடுத்தது, அளவை எழுதும் முறை. “இடுப்பு 34” என்று மட்டும் எழுதினால், அது உங்கள் உடலின் அளவா, தைத்து முடிந்த உடுப்பின் அளவா என்பது தெரியாது. கோட்டைப் பொறுத்தவரை இது சிறிய வேறுபாடன்று. 38 அங்குல மார்புள்ளவருக்குக் கோட்டின் மார்புச் சுற்று ஏறக்குறைய 42 அங்குலமாவது இருந்தால்தான் கையை அசைக்கவும் பொத்தான் பூட்டவும் முடியும். உடல் அளவை உடுப்பின் அளவாக எடுத்துக்கொண்டு குறைத்துவிட்டால் கோட் மீளாது. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் உடுப்பு இப்போது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைய வேண்டும், முடிவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஓர் எண்ணைப் பிழையாகத் தட்டியிருந்தாலும் மற்ற இரண்டோடு அது பொருந்தாமல் போகும், தையற்காரர் கேட்பார். கேட்காமல் விட்டால், அதுவே கவனக்குறைவுக்கு நல்ல சான்று.

எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் செய்தியில் இருக்க வேண்டும். கோட்டின் உடலைப் பக்கத் தையல்களிலும் முதுகின் நடுத் தையலிலும் பிடிக்கலாம். ஒரு கோட்டைத் தோளில் குறைப்பதென்றால் கையைக் கழற்றி, உள்ளே வைத்திருக்கும் தோள் பஞ்சையும் எடுத்து மறுபடி பூட்ட வேண்டும். 4,000 ரூபாய்க்குப் பேசிய வேலை அதுவன்று. தோள் விளிம்பு அரை அங்குலத்துக்கு உட்பட்டே வெளியே நிற்கிறதென்றால் அதை விட்டுவிடுங்கள். அதைவிடக் கூடுதலாகத் தொங்கினால், நீங்கள் வாங்கியது ஓர் அளவு அல்ல, இரண்டு அளவு பெரிதாக இருக்கக்கூடும். அப்போது செய்தி அனுப்புவதற்கு முன் தையற்காரரிடம் நேரில் போய், இது சரிவருமா என்று கேட்பதே முறை. கோட்டின் நீளத்தையும் குறைக்கச் சொல்லாதீர்கள்; பைகளும் பொத்தானும் இருக்கும் இடத்தோடு அது ஒத்துப்போகாமல் விகாரமாகிவிடும். கால்சட்டையின் இடுப்பைப் பின் நடுத் தையலில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் வரை பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின் பைகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும்.

மிகுதித் துணியை வெட்டி எறியாமல் உள்ளே மடித்து வைக்கச் சொல்லுங்கள். இது வழக்குக்கும் உதவும் விடயம். துணி உள்ளே இருந்தால் பிழையைத் திருத்தும் செலவுதான் உங்கள் நட்டம். துணி போய்விட்டால் கோட்டின் பெறுமதியே நட்டமாகிறது. இழப்பைத் தணிக்கக்கூடியவர் தணித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கும்போது, நீங்கள் முன்பே எழுதிக் கேட்டிருந்தது உங்களுக்குச் சார்பாக நிற்கும்.

இனி நாள். “கெதியாகத் தாருங்கள்” என்று எழுதினால் நாள் குறிக்காத ஒப்பந்தம்தான் மிஞ்சும். நாள் குறித்திருந்தால், அந்த நாள் கடந்தவுடனேயே அவர் தாமதித்தவராகிறார். நாள் குறிக்காவிட்டால், நியாயமான ஒரு தவணை கொடுத்து நீங்கள் முதலில் அறிவித்தல் விட வேண்டும். உங்களுக்கு அதற்கு நேரமில்லை. திருமண நாளையும் கட்டாயம் எழுதுங்கள். எமது உரோமன் டச்சுச் சட்டத்தின்படி, சாதாரணமாக எழும் இழப்புக்கு அப்பாற்பட்ட விசேட இழப்பைக் கேட்பதானால், ஒப்பந்தம் செய்யும்போதே அந்த இழப்பு இருவர் மனத்திலும் இருந்திருக்க வேண்டும். தையற்காரர் உரிய நாளில் தராததால் வேறொரு கோட் சூட்டை வாடகைக்கு எடுக்க நேர்ந்தால், அந்த வாடகையைக் கேட்கும் உரிமை இந்த ஒரு வரியில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே அந்த வரியைச் செய்தியில் வெளிப்படையாகவே எழுதுங்கள்.

செய்தியை ஏறக்குறைய இப்படி எழுதலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை; நாடா பிடித்து உங்கள் எண்களைப் போடுங்கள்.

“வணக்கம் அண்ணன். உங்களிடம் கொடுத்த கறுப்பு நிறக் கோட் சூட்டின் திருத்தம் பற்றி எழுதுகிறேன். கீழே உள்ளவை எல்லாம் உடுப்பின் அளவுகள், அங்குலத்தில். உடல் அளவுகள் அல்ல. கோட்டின் மார்புச் சுற்று இப்போது 44, இரண்டு குறைத்து 42 ஆக வேண்டும். பொத்தான் இருக்கும் இடத்தில் சுற்று 41, இரண்டரை குறைத்து 38½ ஆக வேண்டும். கை தோள் முனையிலிருந்து 26, ஒன்றரை குறைத்து 24½ ஆக வேண்டும். கோட்டின் தோளையும் நீளத்தையும் தொட வேண்டாம். கால்சட்டை இடுப்பு 36, இரண்டு குறைத்து 34 ஆக வேண்டும். நீளம் 42, இரண்டு குறைத்து 40 ஆக வேண்டும். அடியில் குறைத்த துணியை வெட்டாமல் உள்ளே மடித்துத் தையுங்கள். பிடிக்கும் இடங்களிலும் மிகுதித் துணியை வெட்ட வேண்டாம். முதலில் நூலோட்டி வையுங்கள். 16ஆம் திகதி நான் வந்து போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகே இறுதித் தையல் போடுங்கள். இந்த அளவுகளில் ஏதாவது சரிவராது என்று உங்களுக்குத் தெரிந்தால் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தங்கையின் திருமணம் 24ஆம் திகதி. அன்று இதைத்தான் உடுத்தப் போகிறேன். ஆகையால் 20ஆம் திகதி மாலைக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த நாள் தவறினால் வாடகைக்கு வேறு எடுக்க நேரிடும். பேசிய கூலி 4,000 ரூபாய், தந்த முற்பணம் 2,000, மிகுதி 2,000 ஐ எடுக்கும்போது தருவேன். உங்களுக்குச் சம்மதமென்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள் அண்ணன். பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.”

இருபதாம் திகதியை நான் குறித்தது, பிழை இருந்தால் திருத்த மூன்று நாட்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. அந்தச் செய்தியையும் பதிலையும் அழிக்காதீர்கள். தானாக மறையும் செய்தி அமைப்பு போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தொலைபேசித் திரையைப் படம் பிடித்து வைப்பது நல்லதே, ஆனால் மூலச் செய்தி தொலைபேசியில் இருப்பதே வலுவான சான்று. முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு தந்திருந்தால், அதன் பின்புறத்தில் அச்சிட்டிருப்பதையும் வாசியுங்கள். “சேதத்துக்குப் பொறுப்பல்ல” என்ற வாசகம், உடன்பாட்டுக்கு முன் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தால்தான் அவருக்கு உதவும். பணம் கட்டிய பிறகு கையில் தந்த சீட்டில் அது இருந்தால், அதன் வலு மிகக் குறைவு.

பிழை நேர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 20ஆம் திகதி கையை இரண்டரை அங்குலம் குறைத்து, மிகுதியை வெட்டியும் எறிந்துவிட்டார் என்றால், கோட்டைக் கடையில் வைத்தே அளந்து, நாடாவோடு படம் எடுத்து, அன்றே அதே உரையாடலில் அனுப்புங்கள். கூலி மிகுதியைத் தரமாட்டேன் என்று கோட்டைப் பறித்துக்கொண்டு வராதீர்கள். செய்த வேலைக்கான கூலிக்காக உடுப்பைத் தடுத்து வைக்கும் உரிமை அவருக்கு உண்டு. உடுப்பு தேவையென்றால், எதிர்ப்புடன் செலுத்துகிறேன் என்று எழுதிவிட்டுச் செலுத்தி எடுங்கள், உரிமை கெட்டுப்போகாது. நீங்கள் கேட்கக்கூடியது பழைய கோட்டின் பெறுமதி, பயனற்றுப்போன வேலைக்கான கூலி, எடுத்த வாடகை ஆகியவைதான். மனவருத்தத்துக்கான பணம் ஒப்பந்த வழக்கில் பொதுவாகக் கிடைக்காது. பொலிஸுக்கும் இதில் வேலையில்லை. தையற்காரர் உடுப்பை விற்றுவிடுவது போன்ற செயல்தான் குற்றமாகும்.

இவ்வளவு சிறிய தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. முதலில் உங்கள் பகுதிக்குரிய மத்தியஸ்த சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அங்கு சட்டத்தரணி தோன்ற முடியாது, நீங்களே செய்தியைக் காட்டிப் பேச வேண்டும். இணங்காவிட்டால் சபை தரும் இணக்கமின்மைச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்குப் போகலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடலாம். அதற்கு 1977 என்ற இலக்கத்தை அழைத்து வழிமுறையைக் கேட்கலாம். ஆனால் சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். கொழும்புக் கடையின் மீது உங்களுக்கு உரிமை எதுவும் எழவில்லை; உடுப்பில் குறையில்லை, அளவுதான் உங்களுக்குப் பெரிது.