கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடிக்கு: பைக்கா, ஸ்கூட்டரா?

"தினமும் போய்வர 30 கிலோமீட்டர். 100 சிசி பைக் வாங்குவதா, 125 சிசி ஸ்கூட்டரா?"

பைக்தான். 25 நாளுக்கு 750 கிலோமீட்டர். லிட்டருக்கு 65 கொடுக்கும் பைக்குக்குப் பதினொன்றரை லிட்டர் போதும். 45 கொடுக்கும் ஸ்கூட்டர் பதினேழை நெருங்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 500 ரூபாய் மிச்சம்.

ஸ்கூட்டருக்குச் செயின் தொல்லை இல்லை என்பார்கள். உள்ளே ரப்பர் பெல்ட் இருக்கிறதே! 28,000 கிலோமீட்டர் வரை அதை மாற்றாமல் ஓட்டினேன். பள்ளத்தூர் அருகே நடுமதியத்தில் அறுந்தது. வண்டியைத் தள்ளியே வந்தேன். செயின் தளர்ந்தால் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

விற்கும்போதும் இங்கே சுற்றுக் கிராமங்களில் பைக்கைத்தான் முதலில் கேட்கிறார்கள். சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் அம்மாவும் ஓட்டுவார் என்றால் மட்டும் ஸ்கூட்டர்.