மடிப்புக்குள்ள போன வரி: வார்ஃபரின் காகிதம் பற்றிக் கேள்வி பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தங்கச்சி: அம்மாக்கு இதய வால்வு மாத்தி, இரத்தம் கட்டிபடாம இருக்க வார்ஃபரின் குடுக்கிறாங்க. பெட்டிக்குள்ள இருந்த காகிதத்த மூணு படமா எடுத்து அனுப்பியிருக்கிறன். பக்கவிளைவு எண்டு நீளமா ஒரு பட்டியல் இருக்கு. எதுக்குப் பயப்படோணும்?

முதல் படம் தெளிவா இருக்கு. அதில 'பொதுவானது', 'அரிதானது' எண்டு பிரிச்சிருக்கிறது எத்தனை பேருக்கு வருது எண்ட கணக்குத்தான். பொதுவானது எண்டால் 100 பேரில 1 முதல் 10 பேர், அரிதானது எண்டால் 10,000 பேரில 1 முதல் 10 பேர். எது அவசரம் எண்டு அந்த வரிசை சொல்லாது. முடி கொட்டுறதும் தோல் கறுத்து அழுகிறதும் அடுத்தடுத்த வரியில அச்சடிச்சிருக்கு. அதனால நான் வேற வரிசையில சொல்லுறன்.

இப்பவே 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டியது: தலையில அடிபட்டால், காயம் தெரியாட்டியும். திடீரெண்டு பொறுக்க ஏலாத தலையிடி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல். இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம். பத்து நிமிசம் அமத்திப் பிடிச்சும் நிக்காத இரத்தம். மருந்து தொடங்கின முதல் பத்து நாளுக்குள்ள தோலில நோவோட கறுப்புத் திட்டு வந்தால் அதுவும் இந்தக் கூட்டம்தான், எவ்வளவு அரிது எண்டாலும். டொக்டர் பார்க்கும் வரைக்கும் அடுத்த குளிசையைக் குடுக்க வேண்டாம்.

இண்டைக்குள்ள கிளினிக்குக்குக் கேட்க வேண்டியது: சிறுநீர் சிவப்பா வாறது, பல் விளக்கும்போது முரசில அடிக்கடி இரத்தம், அடிபடாமலே நீலம் பாயிறது, ரெண்டு நாளா சாப்பாடு இறங்காதது அல்லது வயித்தோட்டம். குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்க. பின்னேரக் குளிசைக்கு முதல் கேட்டுப்போட்டுக் குடுங்க.

முடி கொட்டுறது, லேசான ஓங்காளம் எல்லாம் அடுத்த கிளினிக் நாளில சொன்னால் போதும்.

அதே தங்கச்சி: மறுகா ரெண்டாவது படத்தில உள்ள மருந்தெல்லாம் இரத்தத்தக் கூட்டிப் போக வைக்குமா சேர்? அம்மாக்கு முந்தி ரிஃபாம்பிசின் குடுத்தவங்க, அதுவும் அதுக்குள்ள இருக்கு.

உங்கட படத்தில நடு மடிப்பு சரியா ஒரு தலைப்புக்கு மேல விழுந்திருக்கு. அதுக்கு மேல உள்ளது வார்ஃபரினின் வேலையைக் கூட்டிற மருந்துகள். கீழ உள்ளது குறைக்கிற மருந்துகள். தலைப்பு மறைஞ்சதால ரெண்டும் ஒரே பட்டியலாத் தெரியுது. மெட்ரோனிடசோல், கோட்ரைமோக்சசோல், ஃபுளுக்கோனசோல் மேல் கூட்டம், இரத்தம் கசியும். ரிஃபாம்பிசின் கீழ் கூட்டம். வார்ஃபரினைச் செல்லாக்காசாக்கி வால்வில கட்டி பிடிக்க விடும். அதிலயும் ஒரு சங்கடம் இருக்கு. ரிஃபாம்பிசின் நிப்பாட்டின பிறகு ரெண்டு மூணு கிழமையில வார்ஃபரின் மெல்ல மெல்லக் கூட வேலை செய்யத் தொடங்கும். அம்மா எப்ப நிப்பாட்டினவ எண்டு கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்க.

காகிதத்தை மேசையில விரிச்சு, நாலு மூலையிலயும் ஏதாவது பாரம் வச்சு, ஃபிளாஷ் இல்லாம ஜன்னல் பக்கம் எடுத்து அனுப்புங்க. மூணாவது படம் வெறும் வெள்ளை வெளிச்சம்தான்.

செங்கலடி அண்ணன் ஒருத்தர்: எனக்கும் இரத்தம் மெல்லிசாக்கிற குளிசைதான், அஸ்பிரின் 75. நான் ஐஎன்ஆர் ஒண்டும் பார்க்கிறேல்ல. ஏன் இந்தப் பிள்ளைய வீணாப் பயப்படுத்துறீங்க?

அண்ணன், உங்கட குளிசை வேற சாதி. ஐஎன்ஆர் எண்டது இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற இரத்தச் சோதனை இலக்கம். அஸ்பிரினுக்கு அதைப் பார்க்கிறதில்ல, அது சரி. வார்ஃபரினுக்கு அது இல்லாம மருந்தே இல்லை. அனேகமா 2 முதல் 3 வரை, சில வால்வுக்கு 2.5 முதல் 3.5 வரை வச்சிருப்பாங்க. ஆருக்கு எது எண்டு கிளினிக் கொப்பியில எழுதியிருக்கும். டொக்டர் எழுதாமல் ரெண்டையும் சேர்த்து ஆரும் குடிக்கக் கூடாது. வார்ஃபரின் காகிதத்தின் மேல் கூட்டத்தில அஸ்பிரினும் இருக்கு.

ஆரையம்பதி அக்கா: கீரை ஒண்டும் தொடக் கூடாது எண்டு எங்கட மாமாட கிளினிக்கில சொன்னதெண்டு அவர் முருங்கை இலையே சாப்பிடுறேல்ல. அது சரிதானே?

பாதி சரி. பச்சை இலையில உள்ள விற்றமின் கே வார்ஃபரினுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு இழுக்கும். ஆனால் கேட்கிறது கீரையே இல்லாத வாழ்க்கை இல்லை, அளவு மாறாத கீரை. கிழமைக்கு மூணு நாள் ஒரு கரண்டி எண்டால் எப்பவும் அப்படியே. மூணு மாசம் விலக்கிப்போட்டு ஒரு கலியாண வீட்டுக்குப் பிறகு நாளும் பொழுதும் சுண்டல் எண்டால்தான் இலக்கம் ஆடும்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: நானா, உம்மாட பல் வீங்கிப் போய், பாமசியில மெட்ரோனிடசோலும் டைக்ளோஃபெனாக்கும் தந்திரிக்காங்க. அவவும் வார்ஃபரின் குடிக்கிறா. ரெண்டு நாள்தானே, பரவாயில்லையா?

தம்பி, ரெண்டையும் இப்ப குடுக்காம வச்சிட்டு உம்மாட கிளினிக்குக்கு இண்டைக்கே கேளுங்க. பல் வீக்கத்தையும் விட ஏலாது, அதனால நாளைக்கு எண்டு தள்ளாதேங்க. வாய் திறக்கக் கஷ்டமோ விழுங்க ஏலாமையோ வந்தால் கேட்டுக்கொண்டிராம நேரா ஆசுபத்திரி.

ஏன் எண்டு சொல்லுறன். எங்கட தெருவில ஒரு அம்மா, ஐஎன்ஆர் 2.4 எண்டு ஒழுங்கா இருந்தவ. ஒரு திங்கக்கிழமை இதே பல்லுக்காக மெட்ரோனிடசோல். செவ்வாய், புதன் ஒண்டும் தெரியேல்ல. வியாழன் முரசில இரத்தம். பல்நோவால எண்டு நினைச்சிட்டா. வெள்ளி காலையில முழங்கைக்குக் கீழ உள்ளங்கை அகலத்துக்கு நீலம். அண்டைக்குப் பார்த்த இலக்கம் 5.8. ரெண்டு நாள் வார்ஃபரினை நிப்பாட்டிச் சமாளிச்சாங்க. இந்தச் சேர்க்கை உடனே காட்டாது, நாலைஞ்சு நாள் ஆகும். மெட்ரோனிடசோல் தவிர வழியில்லை எண்டு டொக்டர் சொன்னாலும் சொல்லுவார். அப்ப வார்ஃபரின் அளவைக் குறைக்கலாம், மூண்டு முதல் அஞ்சு நாளுக்குள்ள ஐஎன்ஆர் பார்க்கச் சொல்லுவார்.

டைக்ளோஃபெனாக் விஷயம் வேற. அது வயித்தில புண்ணாக்கி இரத்தம் கசிய விடும், ஐஎன்ஆர் இலக்கம் நல்லாவே இருந்தாலும். நோவுக்குப் பரசிற்றமோல். அதுவும் அந்தக் காகிதத்தில இருக்கு எண்டு பயப்பட வேண்டாம். ஒண்டு ரெண்டு தரத்துக்கு ஒண்டும் ஆகாது, முழு அளவில தொடர்ந்து பல நாள் எண்டால்தான் ஐஎன்ஆர் ஏறும். இங்க டெங்கு காலம் வேற. வார்ஃபரின் குடிக்கிறவருக்குக் காய்ச்சல் எண்டால் வீட்டில பார்த்துக்கொண்டிராம அண்டைக்கே ஆசுபத்திரிக்குக் காட்டுங்க.

காத்தான்குடி சாச்சி: கருஞ்சீரகம் காகிதத்தில இல்ல. அப்ப குடிக்கலாம்தானே?

இல்லாதது எண்டால் பாதுகாப்பு எண்டு அர்த்தம் இல்ல சாச்சி. கம்பனி பார்த்ததை, கேள்விப்பட்டதைத்தான் அடிக்கும். கறியில தூவிற அளவை நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நாளுக்கு ரெண்டு கரண்டி எண்ணெய் எண்டால் எனக்குப் பிடிக்கேல்ல. குடிக்கத்தான் வேணும் எண்டால் கிளினிக்கில முதல் சொல்லி, தொடங்கின கிழமையே இரத்தம் குத்திப் பாருங்க.

ஆரையம்பதி அக்கா: எங்கட மாமா உள்ளி தேனோட ஊறப்போட்டுச் சாப்பிடுறவர், ரெண்டு வருசமா ஒண்டும் நடக்கேல்ல.

ரெண்டு வருசமா ஒரே அளவு எண்டால் அவருடைய இலக்கம் அந்த உள்ளியோட சேர்த்துத்தான் செட் ஆகியிருக்கும். அதை அவர் கொப்பியில எழுதி வச்சிருக்கிறாரா? உள்ளி முடிஞ்சு போன கிழமை எப்படி இருந்தது எண்டு கேட்டுப் பாருங்க.