வால்வைத் தொடாத பெட்ரோல்

வணக்கம் சார்,

என்னுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோல் கார். 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. சூடேறியதும் சாதுவாகிவிடுகிறது. பிளக் மாற்றியாயிற்று. டேங்கில் ஊற்றும் கிளீனர் மூன்று பாட்டில் தீர்ந்தாயிற்று. மெக்கானிக் ‘வால்வில் கார்பன்’ என்கிறார். என் அண்ணனின் போர்ட் இன்ஜெக்ஷன் கார் இதைப்போல இரண்டு மடங்கு ஓடியும் இந்தத் தொல்லையே இல்லை. புதுத் தொழில்நுட்பம் என்று சொல்லி நம் தலையில் கட்டிவிட்டார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான்காவது பாட்டில் வாங்காதீர்கள். சரக்கு மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. அது போகிற வழியில் உங்கள் இன்டேக் வால்வே கிடையாது.

அண்ணனின் காரில் இன்ஜெக்டர் சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் குழாயில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலை வால்வின் முதுகில் தெளிக்கிறது. துளிகள் சற்றுப் பெரியவை, 100 மைக்ரான் அளவில் இருக்கும். அதனால் பெரிய நஷ்டம் இல்லை. வால்வு மூடியிருக்கும்போதே தெளித்துவிடலாம், வால்வின் முதுகும் நல்ல சூடு, ஆவியாக வேண்டிய அவகாசம் கிடைக்கிறது. 6000 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில்கூட ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது நான்கு ஸ்ட்ரோக்குக்கும் சேர்த்து, 20 மில்லிசெகண்ட் உண்டு.

உங்கள் இன்ஜெக்டருக்கு அந்தச் சொகுசு இல்லை. அது நேராக சிலிண்டருக்குள் தெளிக்க வேண்டும். அதே வேகத்தில் காற்றை இழுக்கும் ஸ்ட்ரோக் 5 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அமுக்கும் ஸ்ட்ரோக்கையும் சேர்த்தால் 10. அதற்குள் பெட்ரோல் உள்ளே வந்து, உடைந்து, ஆவியாகி, காற்றோடு கலந்தாக வேண்டும். அதற்காகத்தான் 200 பார், புதிய இன்ஜின்களில் 350 பார் வரை அழுத்தம். துளி 20 மைக்ரானுக்கு வந்துவிடுகிறது. 120 மைக்ரான் துளி ஒன்றை 20 மைக்ரானாக உடைத்தால் 216 துளிகள் கிடைக்கும். பெட்ரோல் அதே அளவுதான், ஆனால் காற்றுபடும் பரப்பு ஆறு மடங்காகிவிடும். ஆவியாவது பரப்பில்தானே நடக்கிறது.

உள்ளேயே ஆவியாவதில்தான் லாபம் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிலோவுக்குத் துணையாக 14.7 கிலோ காற்று உள்ளே வருகிறது. வெப்பம் முழுவதையும் காற்றிடமிருந்தே எடுத்தால் காற்று சுமார் 24 டிகிரி குளிரும். போர்ட் இன்ஜெக்ஷனில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை வால்வும் குழாய்ச் சுவரும் கொடுத்துவிடுகின்றன. காற்று அவ்வளவாகக் குளிர்வதில்லை. குளிர்ந்த காற்று நாக்கிங்கை, அதாவது பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து இன்ஜினைத் தட்டுவதை, தள்ளிப்போடும். அதை நம்பித்தான் கம்ப்ரஷனைக் கூட்டுகிறார்கள், டர்போவும் வைக்கிறார்கள். உங்கள் சிறிய இன்ஜின் பெரிய இன்ஜின்போல இழுப்பது இதனால்தான். தலையில் கட்டவில்லை. ஆனால் வால்வைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

எல்லா இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். அதை வெளியே விடக்கூடாது என்பதால் பிசிவி என்ற சிறிய வால்வு வழியாகத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்புகிறார்கள். அதோடு ஆயில் ஆவியும் போகிறது. வால்வுத் தண்டின் சீல் வழியாகவும் துளி ஆயில் இறங்கும். எரிந்த வாயுவில் ஒரு பங்கும் பின்னோக்கி வரும். இவையெல்லாம் சூடான வால்வின் முதுகில் ஒட்டி, வெந்து, கருகி, அடுக்கடுக்காக ஏறுகின்றன. அண்ணன் காரில் பெட்ரோலும் அதிலுள்ள டிடர்ஜென்ட்டும் இதை அன்றாடம் கழுவிக்கொண்டே இருக்கும். உங்கள் காரில் அதே டிடர்ஜென்ட் இன்ஜெக்டரின் முனையைச் சுத்தம் செய்யும். வால்வு அதற்கு எட்டாது.

அப்படியானால் ஏன் காலையில் மட்டும் உதறல்? குளிர்ந்த பிஸ்டன்மேல் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதே நேரம் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க, கணினி வேண்டுமென்றே இக்னிஷனைத் தாமதப்படுத்துகிறது. அந்த ஒரு நிமிடம் இன்ஜின் கயிற்றின்மேல் நடப்பதுபோலத்தான் ஓடுகிறது. கார்பன் காற்றின் சுழற்சியைக் கெடுத்தால், அதுவும் ஒரு சிலிண்டரில் கூடுதலாகக் கெடுத்தால், அந்த சிலிண்டர் தவறிவிடும். விளக்கு மினுக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும்.

ஆனால் மெக்கானிக் சொன்னார் என்பதற்காக உடனே பிரித்துவிடவும் வேண்டாம். நான் கூடவே நின்று பார்த்த ஒரு நான்கு சிலிண்டர் காரைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே காலையில் மட்டும் உதறல். ஸ்கேனரில் P0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். முதலில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றினோம். காயில் கெட்டிருந்தால் மறுநாள் P0303 வர வேண்டும். வந்தது மறுபடியும் P0302. பிளக்கை மாற்றிப் போட்டோம், அதேதான். கம்ப்ரஷன் நான்கிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆக ரிங்கும் வால்வின் அமர்வும் சரி. இன்ஜெக்டர் கசிந்தாலும் இப்படி உதறும்; ஆனால் பெரும்பாலும் சூடான இன்ஜினை அணைத்துக் கால் மணி கழித்து ஸ்டார்ட் செய்யும்போதும் உதறும், பெட்ரோல் வாசனையும் வரும். இங்கே அது இல்லை. கடைசியில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்தோம். எல்லா வால்வும் கறுப்புதான். இரண்டாவதில் மட்டும் தண்டு எது, கார்பன் எது என்று தெரியாத அளவுக்குத் தடித்திருந்தது. சுத்தம் செய்த பிறகு P0302 திரும்பவில்லை. உங்கள் மெக்கானிக்கிடம் முதலில் எந்த எண் வருகிறது என்று கேளுங்கள். எண்டோஸ்கோப் கேமராவை இன்டேக் வழியாக விட்டுப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. படத்தை நீங்களும் பாருங்கள்.

சுத்தம் செய்ய நம்பகமான வழி வால்நட் ஓட்டுத் தூள். காற்றழுத்தத்தில் அதைப் பீய்ச்சுவார்கள். கார்பன் பெயரும், உலோகம் கீறாது. வேலை நடக்கும் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிராங்க்கைத் திருப்பி, மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே பீய்ச்ச வேண்டும். மூடாமல் பீய்ச்சினால் தூள் சிலிண்டருக்குள் போய்விடும். இன்ஜினை ஓடவிட்டு இன்டேக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, மெல்லிய படிவுக்குப் பரவாயில்லை. இவ்வளவு தடித்தபின் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கட்டியாகப் பெயர்ந்தால் அடுத்து அது போகும் இடம் உங்கள் டர்போ.

அடுத்த கார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும். இரண்டு வகை இன்ஜெக்டரையும் ஒரே இன்ஜினில் வைப்பதும் உண்டு. டொயோட்டா 2005-லேயே லெக்சஸ் ஐஎஸ் 350-இல் இதைச் செய்தது. லேசான ஓட்டத்தில் போர்ட் இன்ஜெக்டரும் சேர்ந்து தெளிக்கும், வால்வு கழுவப்படும். பாரம் ஏறினால் டைரக்ட் கைகொடுக்கும். இன்ஜெக்டர், குழாய் எல்லாம் இரண்டிரண்டு என்பதால் செலவு கூடும். அதனால்தான் எல்லாரும் வைப்பதில்லை.

மேனிஃபோல்டைக் கழற்றும் அன்றே பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது பழுதாகி ஆயிலை அளவுக்கு மீறி அனுப்பிக்கொண்டிருந்தால், சுத்தம் செய்த வால்வு மறுபடியும் சீக்கிரமே கறுத்துவிடும்.