காம்பி மோட்ல முழுக் கோழி ரோஸ்ட்: எந்த பவர், எவ்வளவு நேரம்?

கேள்வி: 28 லிட்டர் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வாங்கியிருக்கோம். காம்பினேஷன் மோட்ல முழுக் கோழி போட்டா மேல கருகிடுது, தொடை எலும்பு கிட்ட வேகவே இல்ல, நெஞ்சுக்கறி மட்டும் சக்கை மாதிரி ஆயிடுது. என்ன பவர், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் வைக்கணும்?

பதில்:

முதல்ல நீங்க அழுத்தின பட்டன் எதுன்னு பாத்துடுங்க, ஏன்னா நீங்க சொல்ற மாதிரி மேல கருகி உள்ள பச்சையா இருந்தா பாதிக்கு மேல சந்தேகம் அங்கதான். காம்பின்னு பேர் ஒண்ணு, ஆனா உள்ள ரெண்டு மூணு விதம் இருக்கு. மைக்ரோவேவ் கூட கிரில் சேர்றது ஒண்ணு, மைக்ரோவேவ் கூட கன்வெக்ஷன் சேர்றது இன்னொண்ணு. கிரில் காயில் மேல கூரையிலதான் இருக்கும், முழுக் கோழியை ஸ்டாண்ட் மேல வச்சா அதோட முதுகு காயிலுக்கு ரொம்ப பக்கத்துல போயிடும், அந்த இடம் மட்டும் கருகும், பக்கவாட்டுல நிறமே வராது. முழுக் கோழிக்கு வேணும்கிறது கன்வெக்ஷன் சேர்ந்த காம்பி. டிஸ்ப்ளேல ஃபேன் படமும் அலை அலையா கோடும் சேர்ந்து வந்தா அதுதான், வளைஞ்சு வளைஞ்சு போற கம்பி படம் வந்தா அது கிரில். கம்பெனிக்கு கம்பெனி படம் கொஞ்சம் மாறும், கூட வந்த புக்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

இப்ப பவர். 900 வாட் மெஷின்னா மைக்ரோவேவ் 30 சதவீதம், கன்வெக்ஷன் 200 டிகிரி. 30 சதவீதம்னா சராசரியா 270 வாட் வருது, உங்க மெஷின் 700 வாட்னா 40 சதவீதம் வைங்க, 280 வரும். சதவீதத்தை மனப்பாடம் பண்ணாம 270ல இருந்து 300 வாட்டுக்குள்ள இருக்கணும்னு ஞாபகம் வச்சுக்கிட்டா எந்த மெஷினுக்கும் சரியா வரும். சில மாடல்ல காம்பில பவரை நாமளே மாத்த முடியாது, காம்பி 1, காம்பி 2ன்னு அவங்களே பிரிச்சு வச்சிருப்பாங்க, அதுல எது மைக்ரோவேவ் கம்மியோ அதை எடுங்க.

ஏன் இவ்வளவு கம்மின்னு கேப்பீங்க. மைக்ரோவேவ் கறிக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் நேரா போகும், அங்க இருக்கிற தண்ணிய சூடாக்கும், அதுக்கும் உள்ள சூடு மெதுவா தானா பரவித்தான் போகணும். 60 சதவீதம் வச்சீங்கன்னா வெளிப்பக்கக் கறி வேகமா சுருங்கி தண்ணிய வெளிய தள்ளும், அந்தத் தண்ணி தோல் மேல வந்து நிக்கும், தண்ணி நிக்கிற வரைக்கும் தோல் 100 டிகிரியைத் தாண்டாது, செவக்கணும்னா 140க்கு மேல போகணும். அதனாலதான் கறி சக்கையாகியும் தோல் வெளுத்தே இருக்கும், நிறம் வரலையேன்னு நாம இன்னும் பத்து நிமிஷம் வைப்போம், நெஞ்சுக்கறி மொத்தமா போச்சு. பவர் கம்மியா இருந்தா தண்ணி கசியற வேகமும் ஃபேன் காத்து அதைக் காயவைக்கிற வேகமும் ஈடு கட்டிக்கும்.

இன்னொரு விஷயம், இன்வெர்ட்டர் இல்லாத மெஷின்ல 30 சதவீதம்னா மைக்ரோவேவ் மெல்லிசா ஓடறது இல்ல, முழு பவர்ல கொஞ்ச நொடி ஓடும், அப்புறம் நிக்கும். பக்கத்துல நின்னா சத்தம் மாறறது நல்லா கேக்கும். பல மெஷின்ல மைக்ரோவேவ் ஓடற நேரத்துல ஹீட்டர் நிக்கும், அது நின்னா இது ஓடும், ஒரே பிளக்ல ரெண்டையும் முழுசா இழுக்க முடியாதுங்கிறதால அப்படி. அப்போ மைக்ரோவேவ் பங்கை நீங்க கூட்டக் கூட்ட ஹீட்டருக்கு நேரம் குறையுது, 200ன்னு செட் பண்ணியிருந்தாலும் உள்ள 200 வராது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கற ஏரியால இது இன்னும் மோசமாகும், 230 இருக்க வேண்டிய இடத்துல 200 வந்தா ஹீட்டர் சூடு கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிடும். அந்த மாதிரி வீட்ல மதியமே ரோஸ்ட் போட்டுடறது நல்லது. 16 ஆம்ப் பிளக்தான் போடணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கோழி 1 கிலோ 200 கிராம், தோலோட, சுத்தம் பண்ணினப்புறம் வர்ற எடை. நம்ம ஊர் கடைல கேக்காம விட்டா தோலை உரிச்சுத்தான் குடுப்பாங்க, அதனால தோலோட முழுசா வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. முதல் நாள் ராத்திரியே உப்பு, மிளகு, மஞ்சத்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி ஃப்ரிட்ஜ்ல மூடாம வைங்க, மத்த சாமான்ல படாத மாதிரி கீழ் தட்டுல. மறுநாள் தோல் காஞ்சு இறுக்கமா இருக்கும், அதுதான் வேணும். தயிர் நிறைய போட்ட தந்தூரி மசாலாவை கொழகொழன்னு பூசினா அந்த ஈரம் காயறதுக்கே பாதி நேரம் போயிடும், தயிர் போடணும்னா துணில வடிகட்டி மெல்லிசா தடவுங்க. தேன், சர்க்கரை எதுவும் ஆரம்பத்துல வேண்டாம், கடைசி அஞ்சு நிமிஷத்துல தடவிக்கலாம். ஃப்ரீசர் கோழின்னா முழுசா ஐஸ் விட்டுடுச்சான்னு வயித்துக்குள்ள கை விட்டுப் பாருங்க, ஐஸ் மைக்ரோவேவை சரியா இழுக்காது, உருகின இடம் மட்டும் வெந்துக்கிட்டே போகும், ஐஸ் இருந்த இடம் பச்சையா நிக்கும். உங்க தொடை எலும்பு பிரச்சனைக்கு இதுவும் காரணமா இருக்கலாம்.

கால் ரெண்டையும் சேத்து நூலால கட்டி, றெக்கையை முதுகுக்கு அடியில மடக்கி விடுங்க, நீட்டிக்கிட்டு இருக்கிற மெல்லிசான பாகம்தான் முதல்ல காய்ஞ்சு போகும். மேல கொஞ்சம் எண்ணெய் தடவிக்கோங்க. கன்வெக்ஷன் மட்டும் போட்டு 200க்கு ப்ரீஹீட் பண்ணுங்க, பெரும்பாலான மெஷின்ல காம்பிக்குள்ள ப்ரீஹீட் கிடையாது. சூடானதும் உயரம் கம்மியான ஸ்டாண்ட்ல கோழியை நெஞ்சு கீழ இருக்கிற மாதிரி கவுத்து வைங்க, அடியில சொட்டற கொழுப்பைப் பிடிக்க ஓவன்ல வைக்கிற கண்ணாடித் தட்டு ஒண்ணு. ஸ்டாண்ட் மெஷினோட வந்ததா இருக்கணும், வேற இரும்பு ஸ்டாண்ட், எவர்சில்வர் தட்டு, கேக் டின், எதுவும் காம்பில ஆகாது, பொறி பறக்கும். சுவர்ல இடிக்காம தட்டு சுத்துதான்னும் பாத்துக்கோங்க, நாலு பக்கமும் ரெண்டு விரல் இடம் இல்லன்னா கோழி உங்க ஓவனுக்குப் பெருசு.

காம்பி 200 டிகிரி, 30 சதவீதம், 20 நிமிஷம். வெளிய எடுத்து நெஞ்சு மேல வர்ற மாதிரி திருப்புங்க, தட்டுல இறங்கின எண்ணெயை ஸ்பூனால மேல ஊத்துங்க. தட்டுல நிறைய தண்ணி நின்னா அதை வடிச்சிடுங்க, தண்ணி இருக்கிற வரைக்கும் மைக்ரோவேவ் அதையும் சூடாக்கிக்கிட்டு இருக்கும், ஓவனுக்குள்ள ஆவியும் நிறையும். திரும்ப அதே செட்டிங்ல 15 நிமிஷம். இப்ப தோல் லேசா மஞ்சளா இருக்கும், பயப்படாதீங்க, அங்கதான் காம்பியோட வேலை முடியுது. மாத்தி கன்வெக்ஷன் மட்டும் 220, இல்ல உங்க மெஷின்ல எது அதிகமோ அது, 8ல இருந்து 10 நிமிஷம். நிறம் இந்தக் கடைசி பத்து நிமிஷத்துலதான் வரும், கறி ஏற்கனவே வெந்துட்டதால மைக்ரோவேவை நிறுத்திட்டு தோலை மட்டும் கவனிக்கிறோம். மொத்தம் முக்கா மணி நேரம், இதே கோழி சாதா ஓவன்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

வெந்துச்சான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. கறி தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, கோழியை வெளிய எடுத்தப்புறம் குத்திப் பாருங்க, உள்ள விட்டுட்டு மைக்ரோவேவ் போடக்கூடாது. நெஞ்சுல தடிப்பான இடத்துல 74 டிகிரி இருக்கணும், தொடையும் உடம்பும் சேர்ற மடிப்புல 80 வந்தா கறி நல்லா விட்டு வரும். மைக்ரோவேவ் சூடு சீரா விழாதுங்கிறதால ரெண்டு தொடையிலயும் தனித்தனியா பாக்கணும், ஒண்ணு 82ம் இன்னொண்ணு 68மா நிக்கிறது சகஜம். அப்படி இருந்தா கம்மியா இருக்கிற பக்கத்தை மேல திருப்பி 20 சதவீதத்துல 5 நிமிஷம் காம்பி போட்டுட்டு திரும்பப் பாருங்க. தெர்மாமீட்டர் இல்லன்னா தொடை மடிப்புல கத்தி விட்டு வர்ற சாறு தெளிவா இருக்கான்னு பாருங்க, கறி எலும்பை விட்டு ஜெல்லி மாதிரி வழவழன்னு வந்தா இன்னும் வேகல. எலும்பு ஒட்டின இடத்துல லேசா செவப்பு மட்டும் இருந்தா அதை வச்சு வேகலன்னு சொல்ல முடியாது, இளங்கோழில எலும்புக்குள்ள இருக்கிற நிறம் அப்படி வரும். அப்புறம் வெளிய வச்சு 10 நிமிஷம் விடுங்க, உள்ள இருக்கிற சூடு சமமாகும், வெட்டும்போது சாறு பலகையில ஓடாது.

தோல் உரிச்ச கோழிதான் கிடைச்சுதுன்னா 180 டிகிரி வைங்க, கடைசி கன்வெக்ஷனை 5 நிமிஷத்தோட நிறுத்துங்க, வடிகட்டின தயிரும் எண்ணெயும்தான் அங்க தோலுக்கு பதில். நாலு லெக் பீஸ் மட்டும்னா, ஒரு 600 கிராம் வரும், அதே 200, 30 சதவீதம், ஒரு பக்கம் 10 மறுபக்கம் 8, அதுக்கப்புறம் கிரில்ல 4 நிமிஷம், இங்க கிரில் பொருந்தும், ஏன்னா துண்டு தட்டையா இருக்கு, காயிலுக்கு எல்லா இடமும் ஒரே தூரம். 800 கிராம் சின்னக் கோழின்னா முதல் ரெண்டு கட்டத்தையும் 14, 11னு குறைச்சிக்கோங்க, கடைசி கட்டம் மட்டும் அப்படியே, தோல் செவக்கற நேரத்துக்கும் எடைக்கும் அவ்வளவா சம்பந்தம் இல்ல.

முடிஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிட்டு, ஓவன் வெதுவெதுப்பா இருக்கும்போதே உள் சுவரைத் துடைச்சிடுங்க, முக்கியமா வலது பக்கத்துல அட்டை மாதிரி ஒட்டியிருக்குமே மைக்கா ஷீட், அதுல கொழுப்பு தெறிச்சு காஞ்சா அடுத்த தடவை அந்த இடம் கருகி பொறி வரும். ஈரத்துணியால மெதுவா ஒத்தி எடுங்க, தேய்ச்சா கிழிஞ்சிடும், கருப்பா ஓட்டை விழுந்திருந்தா அதை மாத்தற வரைக்கும் மைக்ரோவேவ் போடாதீங்க.